ஒரே அளவு, ஒரே நிறம், நான்கு வளையல்: விற்கப் போனால் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பழையபெட்டி

எங்கள் பெரியம்மா விட்டுச் சென்ற பெட்டியில் நான்கு வளையல்கள் இருந்தன. நான்கும் வேலைப்பாடு எதுவும் இல்லாத உருண்டைக் கம்பி வளையல்கள். தள்ளி வைத்துப் பார்த்தால் எது எது என்று சொல்லவே முடியாது. பெரியம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நல்லதை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, பயணத்துக்கு அதே மாதிரி இன்னொன்றைப் போட்டுக்கொண்டு போவார். அப்படி ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது என்று நினைக்கிறேன்.

பழைய நகை வாங்கும் ஒருவரிடம் நான்கையும் கொண்டுபோனேன். முதல் வளையலுக்கு நல்ல தொகை சொன்னார். இரண்டாவதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு "இது வேண்டாம்" என்று திருப்பித் தந்தார். மூன்றாவதற்கு வெள்ளி விலை மட்டும் தருவதாகச் சொன்னார். நான்காவதைத் தராசில்கூட வைக்கவில்லை. எதையும் விற்காமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். வரிசையாக 18.5, 12.2, 14.7, 12.0 கிராம்.

எனக்கு உறுத்துவது இரண்டாவது வளையல்தான். அதன் உள்பக்கம் 14கே என்ற முத்திரை இருக்கிறது. முதல் வளையலிலும் அதே 14கே. ஒன்றுக்குக் கைநிறையப் பணம், இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை. 14 காரட் என்றால் எங்கே இருந்தாலும் 14 காரட்தானே? என்னை ஏமாற்றப் பார்த்தாரா?

---

மழைத்துளி

இரண்டாவது வளையலில் 14கே தவிர வேறு ஏதாவது எழுத்து இருக்கிறதா பாருங்கள். 1/20 என்றோ, ஆங்கிலத்தில் ஜி, எஃப் என்ற இரண்டு எழுத்துகளோ இருந்தால் அது கோல்ட் ஃபில்ட். அதாவது இருபதில் ஒரு பங்கு தங்கம். கணக்கு சுலபம். முதல் வளையலுக்குச் சொன்ன தொகையில் இருபதில் ஒரு பங்காவது இதற்குத் தந்திருக்க வேண்டும். 5 சதவீதத் தங்கம் உள்ள பொருளை "வேண்டாம்" என்று சொல்வது நியாயம் இல்லை. வேறு ஆளிடம் கொண்டுபோங்கள்.

---

பழையபெட்டி

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. 1/20 14கே ஜிஎஃப் என்று இருக்கிறது. அந்த 1/20 பாதி தேய்ந்துபோய்விட்டது, அதனால் முன்பு கண்ணில் படவில்லை. மூன்றாவதில் 925 மட்டும். நான்காவதில் ஒன்றும் இல்லை.

---

உரைகல்

நகை உருக்கித் தங்கம் பிரிக்கும் வேலையில் இருந்தவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மழைத்துளி சொன்னதில் பாதி சரி. இருபதில் ஒரு பங்கு என்பது உண்மை. ஆனால் எதில் இருபதில் ஒரு பங்கு, எது அந்தப் பங்கு என்று பார்க்க வேண்டும். வளையலின் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு 14 காரட் தங்கம். சுத்தத் தங்கம் அல்ல. 14 காரட் தங்கத்திலேயே சுத்தத் தங்கம் 58.5 சதவீதம்தான், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. ஆகவே 5 சதவீதத்தில் 58.5 சதவீதம். கடைசியில் வளையலின் எடையில் 3 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அப்புறம், வளையலின் மொத்த எடையே முதல் வளையலைவிடக் குறைவு, ஏனென்றால் உள்ளே இருப்பது பித்தளை.

பழையபெட்டி, வளையலின் தடிமனும் சுற்றளவும் அளந்து சொல்ல முடியுமா? ஒரு நூலைச் சுற்றி அளந்தால் போதும். எல்லாம் ஒரே அளவு என்றால் உங்கள் நான்கு வளையலையும் வைத்தே கணக்கைக் காட்டிவிடலாம். இப்படி ஒரே அளவில் நான்கு வகையும் ஒருவர் கையில் இருப்பது அபூர்வம்.

---

சுடர்

எனக்கும் இதே சந்தேகம்தான். தினமும் போட எது நல்லது? எனக்குத் தோல் சீக்கிரம் அரிக்கும். வெள்ளிமேல் தங்கம் பூசி வெர்மே என்று போட்டு விற்பது நன்றாக இருக்குமா, கோல்ட் ஃபில்ட் வாங்கலாமா?

---

பழையபெட்டி

அளந்துவிட்டேன். கம்பி தடிமன் 3 மில்லிமீட்டர். சுற்றி வந்த நூல் 20 சென்டிமீட்டர். நான்கும் ஒன்றுபோலத்தான், நூலிழை வித்தியாசம் இருக்கலாம்.

சுடர், நான் கேட்பது விற்பதைப் பற்றி. நீங்கள் வாங்குவதைப் பற்றிக் கேட்கிறீர்கள். இருந்தாலும் இங்கேயே யாராவது பதில் சொல்லட்டும், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

---

உரைகல்

நன்றி. 3 மில்லிமீட்டர் கம்பி, 20 சென்டிமீட்டர் நீளம். அதன் கன அளவு சுமார் 1.4 கன சென்டிமீட்டர். வெளிப்பரப்பு ஏறக்குறைய 19 சதுர சென்டிமீட்டர். இந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வளையல் கெட்டித் தங்கம். 18.5 கிராம் முழுதும் 14 காரட். சுத்தத் தங்கம் 10.8 கிராம். தேய்ந்தாலும் வெட்டினாலும் உள்ளே அதே உலோகம்தான். உருக்கிப் பார்த்தால் எண்ணும் ஏறக்குறைய அதேதான் வரும்.

இரண்டாவது கோல்ட் ஃபில்ட். பெயரைக் கேட்டால் உள்ளே தங்கம் நிரப்பியிருப்பது போலத் தோன்றும், நிஜம் நேர் எதிர். பித்தளைக்கு மேல் 14 காரட் தங்கத் தகட்டை வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டி, அப்படியே உருட்டி இழுத்துக் கம்பியாக்குகிறார்கள். 12.2 கிராமில் 0.61 கிராம் அந்தத் தங்கத் தோல். அதில் சுத்தத் தங்கம் 0.36 கிராம். அந்தத் தோலின் தடிமன் உங்கள் வளையலில் சுமார் 25 மைக்ரான் வருகிறது. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்.

மூன்றாவதில் 925 இருப்பதால் உள்ளே ஸ்டெர்லிங் வெள்ளி. அதன்மேல் தங்கம் பூசியிருக்கிறது, அதாவது வெர்மே என்று சொல்லி விற்றிருப்பார்கள். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் விதிப்படி வெர்மே என்று சொல்ல, வெள்ளிமேல் குறைந்தது 2.5 மைக்ரான் தடிமனில், 10 காரட்டுக்குக் குறையாத தங்கம் இருக்க வேண்டும். 18 காரட் பூச்சு 2.5 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், உங்கள் வளையலின் மேல் உள்ள சுத்தத் தங்கம் சுமார் 0.055 கிராம். அதாவது 55 மில்லிகிராம்.

நான்காவது, முத்திரை இல்லாதது, பித்தளைமேல் முலாம். மெல்லிய முலாம் என்றால் 0.2 மைக்ரான் அளவில்தான் இருக்கும். கணக்குப் போட்டால் 7 மில்லிகிராம். ஒரு அரிசி மணியே இதைவிட எடை அதிகம்.

10.8 கிராம், 0.36 கிராம், 0.055 கிராம், 0.007 கிராம். ஒரே நிறம், ஒரே அளவு.

காரட் எண் தோலின் மாற்றைத்தான் சொல்கிறது. அந்தத் தோல் எவ்வளவு தடிமன் என்பதைச் சொல்வதில்லை. 18 காரட் முலாம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, 14 காரட் ஃபில்ட்டைவிட உயர்வு என்று நினைத்து வாங்கி வருத்தப்பட்டவர்கள் நிறைய.

---

மழைத்துளி

நான் காரட்டைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது, இன்னும் பெரிதாகிவிட்டது.

உங்கள் கணக்குப்படியே இரண்டாவதில் 0.36 கிராம் தங்கம். மூன்றாவதில் 0.055 கிராம்தான். அதிகம் உள்ளதைத் திருப்பித் தந்துவிட்டு, குறைவாக உள்ளதற்குப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இது எப்படிச் சரியாகும்?

---

உரைகல்

சரியான இடத்தில் கைவைத்தீர்கள். இந்தத் தொழிலின் சங்கதியே அங்கேதான் இருக்கிறது.

வாங்குபவர் உள்ளே எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. அதை எடுக்க எவ்வளவு வேறு உலோகத்தைத் தள்ள வேண்டும், அதற்கு என்ன செலவு என்று பார்க்கிறார்.

மூன்றாவது வளையலில் தங்கத்தை மறந்துவிடுங்கள். 14.7 கிராமில் 13.5 கிராம் சுத்த வெள்ளி. அந்த வெள்ளிக்கு மட்டும் கிடைப்பது, மேலே பூசிய 55 மில்லிகிராம் தங்கத்தின் மதிப்பைவிட அதிகம். வெள்ளி வாங்குபவருக்கு அது 92.5 சதவீதம் சரக்கு, ஏழரை சதவீதம்தான் கழிவு. மற்ற வெள்ளியோடு சேர்த்து உருக்கிவிடலாம். தங்கம் எங்கே போகிறது என்று கேட்டால், எங்கும் போகவில்லை. வெள்ளியைச் சுத்தம் செய்யும்போது, நைட்ரிக் திராவகத்தில் வெள்ளி கரைந்துவிடும், தங்கம் கரையாமல் அடியில் பழுப்பு நிறப் பொடியாகத் தங்கும். மூட்டை மூட்டையாகச் செய்யும் ஆலைக்கு அது சேரும். ஒற்றை வளையல் கொண்டுவந்தவருக்கு அதைத் தனியாக எடுத்து நிறுத்துப் பணம் தர யாரும் முன்வருவதில்லை. அதனால்தான் வெள்ளி விலை.

இரண்டாவது வளையலில் 95 சதவீதம் பித்தளை. அப்படியே உருக்கினால் தங்கம் பித்தளையில் கலந்து, நூற்றுக்கு மூன்று பங்கு தங்கம் உள்ள ஒரு மஞ்சள் கட்டி கிடைக்கும். அதை எந்தத் தங்க வியாபாரியும் தங்கமாக வாங்க மாட்டார். பித்தளையைத் திராவகத்தில் கரைத்து, மிஞ்சுகிற மெல்லிய தங்கத் தோலை வடிகட்டி, கழுவி, மறுபடி சுத்தம் செய்து, உருக்கி, மாற்று பார்க்க வேண்டும். 12 கிராம் வளையலுக்கும் இத்தனை வேலை, 12 கிலோவுக்கும் இத்தனை வேலை. திராவகச் செலவு எடைக்கு ஏற்பக் கூடும், ஆனால் ஆள்கூலி, மாற்று பார்க்கும் கட்டணம், கழிவை முறையாக அகற்றும் செலவு இதெல்லாம் சின்னச் சரக்குக்கும் அப்படியே விழும். 0.36 கிராம் தங்கம் அதையெல்லாம் தாங்காது.

இதுவே ஒரு கிலோ கோல்ட் ஃபில்ட் சேர்ந்தால் கதை வேறு. 1/20 14 காரட் சரக்கு ஒரு கிலோவில் 29 கிராம் சுத்தத் தங்கம் இருக்கும், தேய்மானம் இல்லை என்றால். அப்போது ஆலையே கூப்பிட்டு வாங்கும். ஆகவே உங்களிடம் "வேண்டாம்" என்றவர் ஏமாற்றவில்லை. அவரிடம் அதைச் சேர்த்து அனுப்பும் வழி இருந்திருக்காது. அந்த வழி உள்ளவர்கள் கிராம் கணக்கில் ஏதோ ஒரு சின்னத் தொகை கொடுத்து வாங்குவார்கள். கேட்டுப் பாருங்கள், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

சுடர், உங்கள் கேள்விக்குச் சுருக்கமாக: ஃபில்ட்டில் தங்கத் தோல் வெர்மே பூச்சைவிடப் பத்து மடங்கு தடிமன், உருட்டி ஒட்டியது, அதனால் வருடக்கணக்கில் நிற்கும். தோல் அரிப்புக்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். மலிவான முலாம் பொருள்களில் தங்கத்துக்குக் கீழே நிக்கல் அடுக்கு ஒன்று இருப்பது உண்டு. முலாம் தேய்ந்ததும் அது வெளியே வரும்.

---

சுடர்

மிக்க நன்றி ஐயா. தேய்ந்த பிறகுதான் அரித்தது, இப்போது புரிகிறது.

---

நாட்குறிப்பு

என் அனுபவத்தையும் சொல்கிறேன். தாத்தாவின் பாக்கெட் கடிகாரம் ஒன்று. மூடியின் உள்பக்கம் 14கே, அதற்குக் கீழே 20 ஆண்டுகள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. நான் என்ன நினைத்தேன் என்றால், அந்த நிறுவனத்துக்கு இருபது ஆண்டு நிறைவு, அதற்காக வெளியிட்ட சிறப்புக் கடிகாரம் என்று. மொத்தம் 90 கிராம் நின்றது. 90 கிராம் 14 காரட் என்று கணக்குப் போட்டு, வீட்டில் எல்லோரிடமும் சொல்லி, பெரிய எதிர்பார்ப்போடு போனேன்.

அங்கே இருந்தவர் ஒன்றும் பேசவில்லை. கடிகாரத்தின் தலையில் சங்கிலி மாட்டும் வளையத்தைக் காட்டினார். அந்த வளையத்தின் உள்வளைவு, சங்கிலி உரசி உரசி, மங்கிய பித்தளை நிறத்தில் இருந்தது. மூடியின் விளிம்பிலும் ஒரு கோடு மாதிரி அதே நிறம். "20 ஆண்டு என்பது தங்கத் தோல் அவ்வளவு காலம் தேயாமல் நிற்கும் என்ற உத்தரவாதம். கெட்டித் தங்கத்துக்கு யார் உத்தரவாதம் தருவார்கள்?" என்று கேட்டார். கெட்டித் தங்கம் தேய்ந்தாலும் தங்கமாகத்தானே இருக்கும்!

அதோடு, 90 கிராமில் பாதிக்கு மேல் உள்ளே இருக்கும் எந்திரமும் கண்ணாடியும். நான் அதையும் தங்கத்தோடு சேர்த்து நிறுத்திருந்தேன்.

---

உரைகல்

நல்ல உதாரணம். பழைய கடிகாரக் கூடுகளில் இப்படி இத்தனை ஆண்டுகள் என்ற உத்தரவாதம் கண்டால் ஃபில்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். தேய்மானம் பார்க்க வேண்டிய இடங்களும் அவர் காட்டியவைதான்: உரசும் வளையம், விளிம்பு, கீலின் முட்டு. வளையல் என்றால் ஒன்றோடொன்று இடிக்கும் பக்கம்.

---

எண்கோணம்

எனக்கு நேர் எதிரான அனுபவம். என்னிடம் ஒரு சங்கிலி, கொக்கியில் ஜிஎஃப் என்று தெளிவாக இருக்கிறது. ஒரு இடத்தில் எக்ஸ்-ரே எந்திரத்தில் வைத்தார்கள். திரையில் தங்கம் 58 சதவீதம் என்று வந்தது. முத்திரை தவறா, எந்திரம் தவறா? எந்திரம் பொய் சொல்லாது என்றுதான் நான் நினைக்கிறேன். கொக்கி மட்டும் ஃபில்ட், சங்கிலி கெட்டித் தங்கம் என்று இருக்கக் கூடாதா?

---

உரைகல்

கொக்கியும் சங்கிலியும் வேறு வேறாக இருப்பது நடப்பதுதான், கொக்கி உடைந்தால் கிடைத்ததை மாட்டுவார்கள். அதனால் முற்றிலும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த எந்திரத்தின் எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

எந்திரம் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிவதைச் சொல்கிறது. எக்ஸ்-ரே தங்கத்துக்குள் வெகு ஆழம் போய்த் திரும்பாது. தங்கம் அவ்வளவு அடர்த்தி. சில மைக்ரானிலிருந்து பத்துப் பதினைந்து மைக்ரான் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்ட்டின் தோல் அதைவிடத் தடிமனாக இருந்தால், கீழே உள்ள பித்தளை எந்திரத்துக்குத் தெரியவே தெரியாது. 14 காரட் என்றுதான் காட்டும். மெல்லிய முலாமில் இந்தச் சிக்கல் இல்லை, கீழே உள்ள செம்பும் துத்தநாகமும் உடனே தெரிந்துவிடும். வெர்மேயில் தங்கமும் வெள்ளியும் கலந்த ஒரு எண் வரும், அதைப் பார்த்துச் சிலர் 9 காரட், 10 காரட் என்று தவறாக நினைப்பதும் உண்டு.

உரைகல்லில் உரைப்பதும் இப்படித்தான். லேசாக உரைத்தால் தோல்தான் கல்லில் ஒட்டும். அதற்குத் திராவகம் விட்டால் கோடு அப்படியே நிற்கும். அதனால்தான் நாங்கள் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரத்தால் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, அந்த வெட்டுக்குள் பார்ப்போம்.

---

பழையபெட்டி

அரம் போடாமல் வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? காந்தம் வைத்துப் பார்த்தேன், நான்கிலும் ஒட்டவில்லை.

---

உரைகல்

தங்கம், வெள்ளி, பித்தளை எதுவுமே காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு அல்லது நிக்கல் என்று தெரியும், ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது.

உங்கள் வளையலுக்குத் தண்ணீர் சோதனை பொருந்தும். கல் இல்லை, உள்ளே கூடு இல்லை. ஒரு தம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். வளையலை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதும் முங்கும்படி தொங்கவிடுங்கள், அடியிலோ பக்கத்திலோ தொடக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்தான் வளையலின் கன அளவு. வளையலின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 14 காரட் 13-ஐ ஒட்டி வரும், ஸ்டெர்லிங் வெள்ளி பத்தரைக்குப் பக்கம், பித்தளை எட்டரையை ஒட்டி. வளையலில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் கணக்குக் கெட்டுவிடும், விரலால் தட்டி விடுங்கள்.

---

பழையபெட்டி

செய்தேன்! நான்குக்கும் தராசு 1.4 என்றே காட்டியது. வகுத்தால் 13.2, 8.7, 10.5, 8.6.

முதல் தடவை முதல் வளையலுக்கு 1.6 வந்து பயந்துவிட்டேன். பார்த்தால் வளையல் தம்ளரின் சுவரில் சாய்ந்து நின்றிருந்தது. அகலமான பாத்திரத்துக்கு மாற்றியதும் சரியானது.

ஆனால் இரண்டாவதும் நான்காவதும் ஒன்றுபோல வருகிறதே. ஒன்று ஃபில்ட், ஒன்று வெறும் முலாம் அல்லவா?

---

உரைகல்

ஆமாம், அதை இந்தச் சோதனை பிரிக்காது. 5 சதவீதத் தோல் அடர்த்தியை அவ்வளவாக நகர்த்தாது, உங்கள் தராசும் பத்தில் ஒரு கிராம்வரைதான் காட்டுகிறது. கெட்டித் தங்கமா இல்லையா, உள்ளே வெள்ளியா பித்தளையா என்ற இரண்டு கேள்விக்குத்தான் இதில் பதில். ஃபில்ட்டையும் முலாமையும் பிரிக்க முத்திரையும் தேய்மானமும்தான். எண்கோணம், உங்கள் சங்கிலிக்கும் இதைச் செய்து பாருங்கள், கொக்கியைக் கழற்றிவிட்டு.

---

எண்கோணம்

சங்கிலி மெல்லியது, மொத்தமே 3 கிராம். என் தராசில் தண்ணீரில் 0.3 என்று ஒரு தடவையும் 0.2 என்று இன்னொரு தடவையும் காட்டுகிறது. அடர்த்தி 10 என்கிறதா 15 என்கிறதா தெரியவில்லை. நல்ல தராசு கிடைக்கும்போது பார்க்கிறேன். கெட்டித் தங்கம் என்ற என் நம்பிக்கையை இன்னும் விடவில்லை.

---

மழைத்துளி

பித்தளையைத் திராவகத்தில் கரைத்தால் தங்கம் மிஞ்சும் என்றால், வீட்டிலேயே செய்து 0.36 கிராமை எடுத்துக்கொள்ளலாமே? காணொளிகளில் செய்து காட்டுகிறார்கள்.

---

உரைகல்

வேண்டாம். நைட்ரிக் திராவகத்தில் பித்தளை கரையும்போது வருகிற பழுப்புப் புகை நைட்ரஜன் டையாக்சைடு. சுவாசித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது, மணிக்கணக்கில் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். இந்தப் புகைக்காகவே தனிக் கூண்டும் உறிஞ்சியும் வைத்து வேலை செய்தவர்கள் நாங்கள். கால் கிராமும் அரை கிராமும் அதற்கு ஈடாகாது.

---

கடைமூலை

பழைய பொருள்கள் வாங்கி விற்பவன் நான். உரைகல் ஐயா சொல்வதெல்லாம் உருக்குபவரின் கண். என் கண் வேறு.

கோல்ட் ஃபில்ட்டை உருக்கக் கொண்டுபோனால் ஒன்றும் இல்லைதான். ஆனால் நகையாக விற்றால் விலை உண்டு. நல்ல நிலையில் உள்ள பழைய ஃபில்ட் வளையல், லாக்கெட், கடிகாரச் சங்கிலி இவற்றைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கத்தின் எடையைக் கேட்பதில்லை. முத்திரையைப் படிக்க முடிகிறதா, பித்தளை எட்டிப் பார்க்கிறதா, கொக்கி வேலை செய்கிறதா என்றுதான் கேட்பார்கள். உருக்கு மதிப்பைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்டித் தங்கத்தில் இந்த வித்தியாசம் குறைவு, ஏனென்றால் உருக்கு மதிப்பே ஏற்கெனவே பெரிது.

வெர்மே அவ்வளவு சுலபமாக விற்பதில்லை. 2.5 மைக்ரான் சீக்கிரம் தேயும். தேய்ந்த இடத்தில் வெள்ளி கறுக்கும், மஞ்சளும் கறுப்பும் திட்டுத் திட்டாக நிற்கும். அந்த நிலையில் வெள்ளி விலைதான். நான் செய்வது, அப்படி வந்ததைச் சுத்தம் செய்து மறுபடி முலாம் போட்டு விற்பது. முத்திரை இல்லாத நான்காவது முலாம் ரகத்துக்கு நானும் ஒன்றும் தர மாட்டேன்.

---

உரைகல்

உருக்குபவரின் கண் என்பதை ஏற்கிறேன். மறுமுலாம் விஷயத்தில் மட்டும் உங்களோடு உடன்படவில்லை. மறுபடி எத்தனை மைக்ரான் போடுகிறீர்கள்? அரை மைக்ரான் போட்டுவிட்டு வெர்மே என்று விற்றால் அது தவறு. கோல்ட் ஃபில்ட்டில் பித்தளை தெரியும் இடத்தை முலாம் போட்டு மறைத்தால் இன்னும் மோசம். உள்ளே 1/20 என்ற முத்திரை நிற்கும், மேலே இருப்பது வேறு ஏதோ. வாங்குபவர் முத்திரையை நம்பித்தானே வாங்குகிறார்?

---

கடைமூலை

நான் ஃபில்ட்டுக்கு முலாம் போடுவதில்லை. வெள்ளிக்குப் போடுகிறேன், "மறுமுலாம் போட்டது" என்று சீட்டில் எழுதியும் தருகிறேன். தடிமன் எவ்வளவு என்று போடுபவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது, என்னிடம் அளக்க எந்திரம் இல்லை. கறுத்துக் கிடப்பதை உருக்குக்கு அனுப்புவதைவிட யாரோ ஒருவர் போட்டுக்கொள்வது நல்லது என்று நான் நினைக்கிறேன்.

---

உரைகல்

சீட்டில் எழுதுவது நல்ல பழக்கம். தடிமன் தெரியாமல் வெர்மே என்ற பெயரை வைக்காதீர்கள், தங்க முலாம் போட்ட வெள்ளி என்று சொல்லுங்கள். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

---

பழையபெட்டி

எல்லோருக்கும் நன்றி. அந்த மனிதரைத் தவறாக நினைத்துவிட்டேன். முதல் வளையலை அவரிடமே கொடுக்கலாம் என்று இருக்கிறேன். 18.5 கிராமுக்கு 10.8 கிராம் சுத்தத் தங்கத்தை வைத்துத்தான் சொன்னாரா, எவ்வளவு கழித்தார் என்று இந்த முறை கேட்பேன்.

இரண்டாவதை மறுபடி வெயிலில் வைத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் ஓர் இடத்தில், நகக்கண் அளவுக்கு, மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் பச்சை கலந்த மஞ்சள் தெரிகிறது. துணியால் துடைத்தாலும் போகவில்லை. பித்தளை வெளியே வந்துவிட்டதா, வெறும் அழுக்கா?

மூன்றாவதைப் பற்றியும் ஒரு கேள்வி. 925 என்று மட்டும்தான் இருக்கிறது. மேலே உண்மையிலேயே 2.5 மைக்ரான் இருக்கிறதா என்று அரம் போடாமல் அறிய வழி உண்டா?

---

கடைமூலை

அம்மா, அந்த இடத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு கலந்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். நேராக எடுக்காமல் கொஞ்சம் சாய்த்து எடுங்கள். தோல் போன இடத்தில் விளிம்பு ஒரு வரைகோடு மாதிரி தெரியும். அழுக்கு என்றால் விளிம்பு கலைந்து மங்கும். தேய்ந்தது அந்த ஓர் இடம்தான் என்றால் நான் வாங்கிக்கொள்கிறேன்.

---

உரைகல்

மூன்றாவதற்கு: சில எக்ஸ்-ரே எந்திரங்களில் பூச்சின் தடிமனை அளக்கும் முறையும் உண்டு. உள்ளே வெள்ளி, மேலே தங்கம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் 2.5 மைக்ரானை நன்றாக அளந்துவிடும், ஏனென்றால் அந்தத் தடிமனைக் கதிர் கடந்து போகும். அந்த வசதி உள்ள இடத்தில் மட்டும் கேளுங்கள். ஆனால் அதற்குக் கட்டணம் கேட்டால் விட்டுவிடுங்கள். அரை மைக்ரான் என்று வந்தாலும் 2.5 என்று வந்தாலும், உருக்க வாங்குபவர் உங்களுக்குத் தரப்போவது அதே 13.5 கிராம் வெள்ளிக்கான பணம்தான்.